நுவரெலியாக் குளிரிலிருந்து கிளிநொச்சி வெயிலுக்கு: ஓர் ஓட்டக்காரியின் இரண்டு வாரங்கள்

என் தம்பியின் மகள் நுவரெலியாவில் தாதியாக வேலை செய்கிறாள். கிரகரி வாவியைச் சுற்றியே அவளுடைய பயிற்சி எல்லாம் நடக்கிறது. அங்கே 10 கிலோமீற்றரை ஏறத்தாழ 48 நிமிடங்களில் ஓடி முடிப்பாள். ஆவணி மாதத்தில் பரந்தனில் நடக்கும் வீதியோட்டத்தில் தானும் ஓடப்போவதாக அவள் சொன்னபோது, முன்னாள் உடற்கல்வி ஆசிரியனான எனக்கு முதலில் வந்த கவலை அவளுடைய வேகத்தைப் பற்றியதல்ல. நுவரெலியாவில் பகல் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். இங்கே அந்த மாதத்தில் 33, 34 பாகை என்பது வழமையான பகல். "பெரியப்பா, எனக்கு ஐந்து நாள்தான் லீவு தருவினம். அதுக்குள்ள வெயில் பழகுமோ?" என்று தொலைபேசியில் கேட்டாள். ஐந்து நாளில் முழுமையாகப் பழகாது. ஆகையால் பழக்கத்தின் பெரும்பகுதியை மலைநாட்டிலேயே முடித்துவிட்டு, மீதியை மட்டும் வன்னிக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பதே இந்தப் பதிவு.

இது சாத்தியமானதற்குக் காரணம், உடல் பழகுவது வெயிலுக்கு என்பதைவிடத் தன் சொந்த உள்வெப்பநிலைக்கு என்பதுதான். உள்வெப்பநிலை 38.5 பாகையை அண்டி உயர்ந்து, ஒரு மணி நேரமளவு அங்கேயே நின்று, நன்றாக வியர்த்து, இப்படி நாள்தோறும் நடந்தால் உடல் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. முதல் நான்கைந்து நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் குறைந்த தடவைகள் துடித்தால் போதுமாகிறது. அதற்குப் பின்னர்தான் வியர்வை முன்னதாகவும் அதிகமாகவும் வரத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பும் குறையும். இவை நிலைபெற 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும். உள்வெப்பநிலையை உயர்த்துவது வன்னி வெயிலா, சுடுதண்ணீரா என்பதில் உடலுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. வேல்சிலுள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குளிரான அறையில் 40 நிமிடம் ஓடியவர்களை உடனேயே 40 பாகைத் தண்ணீரில் 40 நிமிடம் வரை கழுத்தளவு அமர்த்தினார்கள். ஆறு நாட்கள் தொடர்ந்து இதைச் செய்த பின்னர், 33 பாகை வெப்பத்தில் அவர்களின் 5 கிலோமீற்றர் ஓட்டம் ஏறத்தாழ 5 சதவீதம் விரைவானது. எங்கள் திட்டத்தின் முதற்பாதி இந்த முறையையே பின்பற்றியது.

நுவரெலியா விடுதியில் குளியல்தொட்டி கிடையாது. ஆகவே உணவுப் பொருள் வந்த நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றை வாங்கி, 70 சென்ரிமீற்றர் உயரத்தில் அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்தோம். இரசாயனம் வந்த பரல்களும் மலிவாகக் கிடைக்கும். எத்தனை தடவை கழுவினாலும் அவை இதற்கு உதவாது. முழங்காலை மடித்து அமர்ந்தால் தண்ணீர் தோள்வரை வருவதற்கு ஏறத்தாழ 100 லீற்றர் போதும். மிகுதி இடத்தை உடலே நிரப்பிவிடுகிறது. நுவரெலியாக் குழாய்த் தண்ணீர் 15 பாகை, அந்த உயரத்தில் கொதிநீர் ஏறத்தாழ 94 பாகை என்று வைத்துக்கொண்டால், 68 லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு 32 லீற்றர் கொதிநீர் கலக்கும்போது 40 பாகையைச் சற்றுத் தாண்டும். அந்த மிகையைப் பரலின் சுவர் குடித்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு கொதிநீர், பிறகு கலக்கி வெப்பமானியால் அளப்பது, கடைசியாகத்தான் ஆள் இறங்குவது என்ற ஒழுங்கு ஒருநாளும் மாறக்கூடாது. ஆய்வுகூடங்களில் பாவிக்கும் சாதாரண வெப்பமானியே போதுமானது. கையை விட்டுப் பார்த்து மதிப்பிடுவது உதவாது, ஏனென்றால் குளிரில் ஓடிவந்த கைக்கு 37 பாகைத் தண்ணீரும் கொதிப்பதுபோல இருக்கும்.

மலைநாட்டு அறையில் தண்ணீர் விரைவாக ஆறும். ஆறும்போது அவள் எழுந்து வெளியே வந்து நிற்க, அறைத் தோழி கொஞ்சத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, கை தாங்கக்கூடிய சுடுநீரைச் சேர்ப்பாள். ஆள் உள்ளே இருக்கும்போது கொதிநீரை ஊற்றுவது எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆபத்து. பரலின் வாயை ஒரு தடித்த துவாயால் கழுத்தைச் சுற்றி மூடிவைத்த பின்னர், இடையில் ஒரு தடவை சூடேற்றினாலே போதும் என்ற நிலை வந்தது.

முதல் நாள் 40 நிமிட மெதுவோட்டத்துக்குப் பின் 20 நிமிடம் மட்டுமே அமர்ந்தாள். அடுத்தடுத்த நாட்களில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டி, ஐந்தாம் நாள் 40 நிமிடத்தை எட்டி, எட்டாம் நாள் வரை அங்கேயே நிறுத்தினோம். ஓட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். ஓட்டம் உள்வெப்பநிலையை 38 பாகைக்கு மேல் கொண்டுவந்து விடுகிறது. தண்ணீருக்கு அதை அங்கே பிடித்துவைத்துச் சற்று உயர்த்தும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. இடைவெளி நீண்டால் அந்த முதற்படி வீணாகிவிடும். இதற்காகவே ஓடும்போது மேற்சட்டையைக் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

எப்போது எழும்ப வேண்டும் என்பதை மணிக்கூட்டிடம் விடவில்லை. வாயிலோ அக்குளிலோ வைக்கும் வெப்பமானி ஓட்டத்தின் பின் உள்வெப்பநிலையைக் குறைத்தே காட்டும் என்பது தாதியான அவளுக்கு நன்றாகவே தெரியும். தலைச்சுற்று, குமட்டல், திடீர்க் குளிர் நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைய அமர்வு அந்த நிமிடமே முடிவடையும் என்பது விதி. மூன்றாம் நாள் 26 ஆவது நிமிடத்தில் குமட்டல் வந்தது, எழுந்துவிட்டாள். உண்மையான ஆபத்து எழும்பும்போதுதான் இருக்கிறது. சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். சட்டென்று எழுந்தால் இரத்தம் கால்களில் தங்கி மயக்கம் வரும். அதனால் விளிம்பைப் பிடித்து, ஒரு நிமிடம் குந்தியிருந்து, தோழியின் தோளைப் பற்றி வெளியே வந்து, முக்காலியில் இருப்பாள். தனியே இருக்கும் வீட்டில் இதைச் செய்யக்கூடாது. இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம் வந்து தேறிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்கும் இது வேண்டாம்.

இன்னொரு விடயத்தை அவளே குறிப்பில் எழுதியிருந்தாள். மாதவிடாய்க்கு முந்திய இரண்டு வாரங்களில் பெண்ணின் உடல் வெப்பநிலை இயல்பாகவே 0.3 முதல் 0.5 பாகை வரை கூடியிருக்கும். எங்கள் முதல் நாட்கள் அந்தக் காலத்தில்தான் விழுந்தன. மூன்றாம் நாளின் குமட்டலுக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். பெண்களைப் பயிற்றும் ஆண்கள் கேட்கக் கூச்சப்படும் செய்தி இது. கேட்காமல் திட்டம் போட்டால் உடல் பழகவில்லை என்று தவறாக முடிவெடுக்க நேரும்.

பழகுகிறதா என்பதை அறிய மூன்று அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். காலையில் படுக்கையை விட்டு எழும்ப முன்னர் நாடித்துடிப்பு. கழிப்பறை சென்றுவந்த பின் உடல் எடை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, வாவியோரச் சமதரையில் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்ற மாறா வேகத்தில் 30 நிமிடம் ஓடி, கடைசி ஐந்து நிமிடங்களின் சராசரித் துடிப்பு. இந்த மூன்றாவது அளவுதான் எங்கள் அளவுகோல். தொடக்கத்தில் 146 ஆக இருந்த துடிப்பு எட்டாம் நாளில் 139 க்கு இறங்கியது. எடை அரைக் கிலோ கூடியதைப் பார்த்து அவள் கவலைப்பட்டாள். இரத்தத்தில் நீர் கூடும்போது எடை சற்றுக் கூடுவது எதிர்பார்க்கக்கூடியதே. காலை நாடி ஒரு நாளில் ஏழெட்டுத் துடிப்பு உயர்ந்து, எடையும் ஒரு கிலோ இறங்கி, சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் முதல்நாள் இழந்த தண்ணீர் திரும்பவில்லை என்று பொருள். அன்று பரல் கிடையாது என்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தோம். இரவு வேலை முடிந்து வந்த ஒரு காலையில் அப்படியே நேர்ந்தது, அன்று ஓய்வெடுத்தாள். இடையில் ஒரு நாள் விடுபட்டால் பழக்கம் குலைந்துவிடாது.

பலரும் சறுக்கும் இடம் பயிற்சியின் கடுமையில் இருக்கிறது. போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்கள் ஓட்டத்தைக் குறைத்துக் கால்களைத் தேற்றும் காலம். அதே இரண்டு வாரங்களில்தான் வெப்பமும் உடலுக்கு ஒரு சுமையாக ஏறுகிறது. இரண்டையும் ஒருங்கே ஏற்றினால் கால்கள் கனத்தபடியே கோட்டுக்கு வந்து நிற்கும். ஆகவே வேக ஓட்டங்களை எல்லாம் குளிரான காலைப் பொழுதில் வைத்து, மொத்தத் தூரத்தை வழமையின் மூன்றில் இரண்டு பங்காக்கி, பரலுக்கு முந்திய மாலை ஓட்டத்தைப் பேசிக்கொண்டு ஓடக்கூடிய மெதுவோட்டமாகவே வைத்தோம். நான் இதில் பிடிவாதமாக இருந்தேன். சூட்டில் வேகமாக ஓடிப் பழகினால்தான் சூட்டில் வேகமாக ஓடலாம் என்று எங்கள் காலத்துப் பயிற்றுநர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையால் போட்டிக்கு முன்பே களைத்துப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் பயணத்தில் போனது. கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து ஏ-9 வீதியால் தம்புள்ளை, வவுனியா, மாங்குளம் கடந்து இரவு வந்து சேர்ந்தாள்.

பத்தாம் நாள் மாலை நான்கரை மணிக்கு முரசுமோட்டைப் பக்கம் அதே 30 நிமிடச் சோதனை ஓட்டம். நிழலில் 33 பாகை. துடிப்பு 157 இல் வந்து நின்றது. நுவரெலியா அளவைவிட 18 கூடுதல் என்பது பயமுறுத்தும் எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பழக்கமே இல்லாமல் நேரே இறங்கியிருந்தால் அந்த வேகத்தையே அவளால் தொடர்ந்திருக்க முடியாது என்பது என் கணிப்பு. பதினோராம் நாள் மூன்றரை மணிக்கு 45 நிமிடம் மெதுவாக ஓடினாள். பன்னிரண்டாம் நாள் ஒரு மணி நேரம் ஓடி, அதன் நடுவே நான்கு தடவை மூன்று மூன்று நிமிடம் போட்டி வேகத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் வேகமாக ஓடியது அந்த ஒரு நாளில் மட்டும்தான். பதின்மூன்றாம் நாள் மறுபடியும் சோதனை ஓட்டம், துடிப்பு 149. பதினான்காம் நாள் காலையில் 20 நிமிடம் காலாற ஓடிவிட்டு ஓய்வு. மீதி நேரமெல்லாம் நிழலிலும் மின்விசிறியின் கீழும் இருக்கச் சொன்னேன். நாள் முழுக்க வெயிலில் நின்றால் விரைவாகப் பழகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். தேவையான தூண்டுதல் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் வெயில் நித்திரையைத்தான் கெடுக்கும்.

பரலால் கற்பிக்க முடியாத ஒன்றை வன்னி கற்பித்தது. சுடுதண்ணீரில் வியர்வை ஆவியாக வழியில்லை. ஆவணி மாதச் சோளகக் காற்றிலோ அது வந்த கணமே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாமல் இருப்பதால், வியர்க்கவே இல்லை என்று மலைநாட்டுக்காரருக்குத் தோன்றும். பன்னிரண்டாம் நாள் ஓட்டத்துக்கு முன் 52.4 கிலோ, பின் 51.5 கிலோ, இடையில் குடித்தது 300 மில்லிலீற்றர். குறைந்த 900 கிராமோடு குடித்ததையும் கூட்டினால் ஒரு மணி நேரத்தில் 1.2 லீற்றர் போயிருக்கிறது. நுவரெலியாவில் இதே கணக்கு 0.6 லீற்றர்தான் காட்டியது. தன் சட்டை ஏறக்குறைய காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவளால் இதை நம்ப முடியவில்லை. இங்கே வந்து ஓடிய முதல் நாள் கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த உப்புக் கோடுகள் நான்காம் நாளில் மங்கியதையும் கவனித்தோம். வியர்வைச் சுரப்பிகள் உப்பைத் திருப்பி எடுக்கக் கற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். உப்பு மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. கஞ்சியிலும் மோரிலும் உப்பைச் சற்றுக் கூட்டிப் போட்டு, சோற்றோடு தேசிக்காய் ஊறுகாய் வைத்தோம். ஓட்டத்துக்குப் பின் தாராளமாக இளநீர் கொடுத்தோம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு, ஆகவே அதை மட்டும் நம்பக்கூடாது.

இந்தக் கணக்கிலிருந்துதான் போட்டி நாளில் எவ்வளவு குடிப்பது என்பதை எடுத்தோம். ஏறத்தாழ 50 நிமிட ஓட்டத்தில் அவள் ஒரு லீற்றர் இழப்பாள். அது உடல் எடையில் 2 சதவீதம். அந்த இழப்பை அவளால் தாங்க முடியும். ஆகவே இரண்டு தண்ணீர் நிலையங்களில் மொத்தம் 300 மில்லிலீற்றர் குடித்தால் போதும், மீதியைத் தலையிலும் புயங்களிலும் ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். வறண்ட காற்றில் ஊற்றிய தண்ணீர் வியர்வையைப் போலவே ஆவியாகிக் குளிர்விக்கும். கண்டபடி குடிப்பது இழப்பதைவிடக் கெடுதலாக முடியலாம். ஓடி முடித்தவரின் எடை தொடக்கத்தைவிடக் கூடியிருந்து, தலையிடியும் வாந்தியும் வந்தால், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதா என்று சந்தேகிக்க வேண்டும். அவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. போட்டியன்று நோவுக்கு இபுபுரோபன் போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். நீரிழந்த சிறுநீரகத்துக்கு அது கூடாது.

போட்டி ஏ-35 வீதியில், பரந்தனிலிருந்து கிழக்கே ஐந்து கிலோமீற்றர் போய்த் திரும்புவது. இரு மருங்கும் வயல்வெளி. நிழல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. போகும்போது சோளகம் பின்னாலிருந்து தள்ளும். பின்காற்று உதவி என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஓடுகிறவரும் காற்றும் ஒரே திசையில் போகும்போது உடலின்மேல் காற்றே படாது, வியர்வை காயாது, வெப்பம் உள்ளேயே தங்கும். திரும்பும்போது எதிர்க்காற்று கால்களைப் பிடித்திழுத்தாலும் உடலைக் குளிர்விக்கும். ஆதலால் முதற்பாதியில் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 10 விநாடிக்கு விரைவாகப் போகக்கூடாது, காற்று கொடுக்கும் இலவச வேகத்தை வாங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆறரைக்கு என்று அறிவித்த ஓட்டம், பிரதம விருந்தினர் வந்து, மாலை போட்டு, உரைகள் முடிந்து எட்டே கால் மணிக்குத்தான் தொடங்கியது. இதை எதிர்பார்த்தே வெயிலில் நின்று உடலைச் சூடாக்கும் பயிற்சிகளை விட்டுவிட்டு, அவளை வேப்பமர நிழலில் ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டபடி இருத்தி, அழைப்பு வந்த பின்னரே ஐந்து நிமிடம் காலாட்ட விட்டோம். முடிவுக் கோட்டருகே எங்கள் கழகப் பையன்களைக் கொண்டு ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் கட்டிகளையும் போட்டு வைத்திருந்தேன். ஓடி வருபவர் தள்ளாடி, இடம் பெயர் தெரியாமல் உளறினால், வியர்வை ஓடிக்கொண்டிருந்தாலும் அதை வெப்ப அதிர்ச்சி என்றே கொள்ள வேண்டும். அவரை வாகனத்தில் ஏற்ற முன்னர் கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் அமர்த்த வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் குளிர்விக்கும் நேரம் கரைந்துவிடக்கூடாது. பரசிற்றமோல் இதற்கு உதவாது, ஏனென்றால் இது காய்ச்சல் அல்ல. அன்று அந்தத் தொட்டிக்கு வேலை வரவில்லை.

தொடக்கத்தில் 30 பாகை, முடியும்போது 32. முதல் ஐந்து கிலோமீற்றர் 25 நிமிடம் 55 விநாடி. திரும்பும் வழியில் எதிர்க்காற்றிலும் நடைக்கு விழாமல், தனக்கு முன்னே வேகமாகப் புறப்பட்ட பலரைக் கடந்து, 51 நிமிடம் 20 விநாடியில் வந்து சேர்ந்தாள். நுவரெலியா நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கூடுதல். வெப்பப் பழக்கம் வெப்பத்தின் விலையைக் குறைக்குமே ஒழிய அதை இல்லாமல் ஆக்காது. எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. ஜீவனிப் பொதி ஒன்றை ஒரு லீற்றரில் கரைத்து, இரண்டு மணி நேரத்தில் ஆறுதலாகக் குடித்து முடித்தாள்.

புரட்டாதியில் மன்னாரில் இன்னோர் ஓட்டம் இருப்பதாக இப்போது கேள்விப்பட்டிருக்கிறாள். பெற்ற பழக்கம் வெப்பத்தை விட்டு விலகும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 2.5 சதவீதம் வீதம் கரையும். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் போய்விடும், ஆனால் இரண்டாம் முறை மீட்பதற்கு முதல் முறையளவு நாட்கள் தேவைப்படாது. எனவே வாரத்துக்கு இரண்டு மாலை பரலில் 30 நிமிடம், போட்டிக்கு முந்திய வாரத்தில் தொடர்ந்து நான்கு நாட்கள் 40 நிமிடம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். மன்னார்க் கடற்கரையில் ஈரப்பதன் கூடுதலாக இருக்கலாம் என்பதால், தலையில் தண்ணீர் ஊற்றும் கணக்கை அங்கே ஒரு நாள் ஓடிப் பார்த்து, எடை போட்ட பிறகுதான் எழுதுவோம்.